முட்டையிடும் ஆமையின் கண்ணுக்கு என்ன வர்ணனை எழுதுவது?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் கடல் ஆமைகளைப் பற்றிச் சின்னதாக ஓர் ஆவணப்படம் எடுக்கிறோம். வர்ணனை எழுத உட்கார்ந்தால் ஒன்று பாடப்புத்தகம் மாதிரி வருகிறது, இல்லாவிட்டால் ஆமை மனுஷன் மாதிரி யோசிக்க ஆரம்பித்துவிடுகிறது. இரண்டும் இல்லாமல் எப்படி எழுதுவது?

பதில்:

இந்தக் கரையில் படமெடுப்பவர்களுக்கு வர்ணனை எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. ஆமைப் படம் என்றால் நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் ஒரே ஷாட்டில் வந்து நிற்கும். முட்டையிடும் ஆமையின் கண்தான் அந்த ஷாட். அதை வைத்தே சொல்கிறேன்.

தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைக்கும் தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமை கரையேறும். வனத்துறை அனுமதியோடு, மங்கலான சிவப்பு விளக்கில், ஆமைக்குப் பின்பக்கமாக இருந்து எடுப்பீர்கள். முட்டை விழத் தொடங்கிய பிறகு கேமராவைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் முகம் கிடைக்கும். கண்ணோரம் கெட்டியாக ஒரு நீர் வழிந்து, கன்னத்தில் மணல் ஒட்டியிருக்கும். எட்டு நொடி ஷாட். இதற்கு முதலில் தோன்றுகிற வரி எல்லோருக்கும் ஒன்றுதான்: "பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பார்க்கவே முடியாத வேதனையில் தாய் கண்ணீர் வடிக்கிறாள்." பின்னணியில் வயலின் வேறு.

அது உப்பு. கடல் ஆமைக்கு உணவோடும் தண்ணீரோடும் உள்ளே போகிற உப்பைச் சிறுநீர் வழியாக மட்டும் வெளியேற்ற முடியாது. கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பி, கடல்நீரைவிட உப்புக் கூடின நீராக அதை வெளியே தள்ளுகிறது. கடலுக்குள் இருக்கும்போதும் இது நடக்கிறது, அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒரு பெரியவரிடம் இந்தக் காட்சியைக் காட்டினேன். "முட்டை போடும்போது மட்டுமா தம்பி? வலையில ஏறி வள்ளத்துல கெடக்கும்போதும் இப்படித்தான் ஒழுகும்" என்றார். அவர் சொன்னதில் விளக்கமே இல்லை, ஆனால் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. வர்ணனை செய்ய வேண்டியதும் அதுதான்.

இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: "கடல் ஆமைகளின் சிறுநீரகத்தால் அதிக அளவு உப்பை வெளியேற்ற இயலாததால், கண்ணுக்கு அருகில் அமைந்துள்ள உப்புச் சுரப்பிகள் வாயிலாக அவை செறிவு மிகுந்த உப்பு நீரை வெளியேற்றுகின்றன." எல்லாம் சரியான தகவல். ஆனால் இதை மூச்சு விட்டுப் படித்தால் பதினைந்து நொடிக்கு மேல் ஓடும். கண் ஷாட் முடிந்து முட்டைக்குப் போன பிறகும் குரல் சிறுநீரகத்திலேயே நிற்கும். பார்க்கிறவர் இரண்டையும் தவறவிடுவார்.

நான் எழுதுவது இவ்வளவுதான்: "உடம்பில் சேர்ந்த உப்பு கண்ணோரம் வெளியேறுகிறது. கடலுக்குள் இருக்கும்போதும் இது வழிந்துகொண்டேதான் இருக்கும்." எட்டு நொடிக்கு இது சரியாக இருக்கும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் பத்து நொடிக்குப் பன்னிரண்டு சொல் என்பது என் கணக்கு. இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். "இது அழுகை அல்ல" என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் பார்க்கிறவர் நினைத்ததைத் தப்பு என்று அதட்டுவது போல ஆகும். கடலுக்குள்ளும் வழியும் என்றால் அவரே முடிவுக்கு வந்துவிடுவார். சிறுநீரகத்தை விட்டுவிட்டேன். அது இல்லாமலே ஷாட் புரிகிறது.

அடுத்தது, காரணமும் நோக்கமும் கலந்துபோவது. "முட்டைகளைப் பாதுகாக்க ஆமை குழியை மூடுகிறது" என்று கை தானாக எழுதும். "பாதுகாக்க" என்று போட்டதும் ஆமையின் தலைக்குள் ஒரு திட்டம் நுழைந்துவிட்டது. செயலை ஒரு வாக்கியமாகவும் விளைவை இன்னொன்றாகவும் பிரித்துவிட்டால் போதும்: "பின்துடுப்புகள் மணலை இழுத்துத் தள்ளுகின்றன. மூடிய குழிக்குள் ஈரமும் வெப்பமும் அதிகம் மாறுவதில்லை." தகவல் ஒன்றும் குறையவில்லை. ஆமை என்ன நினைத்தது என்று மட்டும் நாம் சொல்லவில்லை.

மூடிய பிறகு பங்குனி ஆமை ஒரு வேலை செய்யும். உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து, அடி ஓட்டால் மணலில் தட்டும். மைக் சரியாக வைத்திருந்தால் தொம் தொம் என்று நன்றாகவே கேட்கும். கடமை முடிந்த களிப்பில் ஆடுகிறது என்று இதற்கு எழுதியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இங்கே ஒரு சொல்கூட வேண்டாம். மணல் இறுகுவது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் காதில் விழுகிறது. எடிட்டர் "இங்க காலியா இருக்கே அண்ணே, ஏதாவது போடுங்க" என்பார். போடாதீர்கள்.

அப்படியானால் தகவல் எங்கே போகும்? பார்க்க ஒன்றும் இல்லாத ஷாட்டில். ஆமை கடலுக்குத் திரும்பிய பிறகு வெறும் மணலைக் கொஞ்ச நேரம் காட்டுவீர்கள். அங்கே பேசலாம்: "உள்ளே நூறு முட்டைகள் இருக்கலாம். பொரிக்க ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண்." இதையே முட்டை விழும் ஷாட்டில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். வெறும் மணலில் சொன்னால் மணலையே உற்றுப் பார்ப்பார்கள்.

"தாய்", "அவள்" இரண்டையும் நான் தவிர்ப்பேன். முட்டையிட்டுப் போன ஆமை திரும்பி வந்து குஞ்சைப் பார்ப்பதில்லை. தாய் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளே என்ற பழி அடுத்த ஷாட்டிலேயே வந்து உட்காரும். பெண் ஆமை, அது. போதும். குஞ்சைப் பிடிக்கும் நண்டுக்கும் இதே மரியாதை உண்டு. "கொடூர எதிரி காத்திருக்கிறது" வேண்டாம். வளை வாசலில் நண்டு நிற்பது திரையில் தெரிகிறதே.

குஞ்சுகள் மேலே வரும் காட்சியில் "ஒன்றுக்கொன்று உதவி" என்று எழுதத் தோன்றும். நடப்பது என்னவென்றால், ஒன்று அசைந்தால் பக்கத்தில் இருப்பதும் அசைகிறது. மேலே இருக்கும் மணல் உதிர்ந்து கீழே போகிறது, கூட்டம் மெல்ல மேலேறுகிறது. மேல்மணல் ஆறும் வரை, பெரும்பாலும் ராத்திரி வரை, அப்படியே கிடக்கும். இது உதவியைவிட விநோதமாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வனத்துறைப் பொரிப்பகத்தில் எடுத்திருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கம்பி வலை தெரியும் இடங்களை எடிட்டில் வெட்டிவிட்டு, தானாக நடந்தது போலக் காட்ட வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் விலங்குக்கு வலியோ பயமோ கிடையாது என்று எழுதக் கிளம்பிவிடாதீர்கள். அதுவும் தெரியாததைச் சொல்வதுதான். இழுவலையில் மாட்டிய ஆமை வந்தால், "ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும்" என்று மட்டும் சொல்லி, வலையைக் காட்டுங்கள்.

அப்புறம், "ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கும்" என்ற வரியைக் கடைசியில் போட யாராவது சொல்வார்கள். யாரும் குஞ்சுகளைக் கடலுக்குள் பெரிதாகும் வரை பின்தொடர்ந்து எண்ணி எடுத்த கணக்கு அல்ல அது, தோராய மதிப்பீடு. போடுவதானால் "என்று மதிப்பிடுகிறார்கள்" என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு நொடி போதவில்லை என்றால் வரியையே எடுத்துவிடலாம், படத்துக்கு ஒன்றும் ஆகாது.