'நான்' எடுத்தால் போதாது, வினையின் வாலில் 'ஏன்' இருக்கிறது

கேள்வி: "ஊருக்குப் போய் வந்ததைக் கட்டுரையாக எழுதினேன். எல்லா வரியும் 'நான்' என்றே ஆரம்பிக்கிறது. எப்படி மாற்றுவது?"

என் பழைய கட்டுரை ஒன்று இப்படித்தான் இருந்தது:

"நான் ஐந்து மணிக்கு எழுந்தேன். நான் பேருந்து நிலையத்துக்குப் போனேன். நான் மதுரை வண்டியில் ஏறினேன். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நான் பாட்டியை நினைத்தேன். நான் ஊரில் இறங்கியபோது பாட்டி திண்ணையில் இருந்தார். நான் அழவில்லை."

முதலில் எல்லா 'நானை'யும் அடித்துப் பார்த்தேன். தமிழில் 'எழுந்தேன்' என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதனால் பொருள் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் வாய்விட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது: எழுந்தேன், போனேன், ஏறினேன், உட்கார்ந்தேன், எல்லாம் 'ஏன்' என்றே முடிகின்றன. தலையில் கேட்ட தட்டல் வாலுக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். 'நான்' இருந்த இடத்தில் 'எனக்கு', 'என்' என்று போட்டாலும் இதே கதைதான்.

அப்புறம் வினையெச்சத்தைப் பிடித்தேன். ஒரே ஆள் அடுத்தடுத்துச் செய்தவற்றை அது ஒரே மூச்சில் கட்டிவிடும்: "ஐந்து மணிக்கு எழுந்து, பேருந்து நிலையம் போய், மதுரை வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்." நான்கு 'ஏன்' ஒன்றாகிவிட்டது. மூன்று நான்கு எச்சத்துக்கு மேல் கோத்தால் மூச்சு வாங்கும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

அடுத்த வரியில் வேலையே வேறு. "பாட்டியை நினைத்தேன்" என்பதில் முக்கியம் நானா, பாட்டியா? பாட்டிதான். அப்படியானால் அவரையே எழுவாயாக்கலாம்: "வழியெல்லாம் பாட்டி கண்ணுக்குள்ளேயே இருந்தார்." இங்கே சிலர் "பாட்டி என்னால் நினைக்கப்பட்டார்" என்று செயப்பாட்டுவினைக்குப் போவார்கள். தயவுசெய்து வேண்டாம், அப்படி யாரும் பேசுவதில்லை.

கடைசி வரியில் கவனம் வேண்டும். 'அழவில்லை' என்ற வினையில் ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. நான் அழவில்லை, அவர் அழவில்லை, எல்லாம் ஒன்றுதான். 'வேண்டும்', 'முடியும்', 'லாம்' என்று முடிபவையும் அப்படியே. முந்தைய வரியில் பாட்டி இருக்கும்போது இங்கே 'நானை' எடுத்தால், அழாமல் இருந்தது பாட்டி என்றாகிவிடும். அதனால் அதை மட்டும் விட்டுவைத்தேன்:

"ஐந்து மணிக்கு எழுந்து, பேருந்து நிலையம் போய், மதுரை வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியெல்லாம் பாட்டி கண்ணுக்குள்ளேயே இருந்தார். ஊரில் இறங்கியபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் அழவில்லை."

ஏழு 'நான்' இருந்த இடத்தில் ஒன்றுதான் மிச்சம். முன்பு கூட்டத்தில் காணாமல் போயிருந்த கடைசி வரி இப்போதுதான் காதில் விழுகிறது.

உங்கள் வரைவில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் பென்சிலால் வட்டமிட்டு, வட்டங்களை மட்டும் உரக்கப் படியுங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.