அமெரிக்க ஓட்டலில் டிப்ஸ்: எந்தத் தொகைக்கு எத்தனை சதவீதம்?

கேள்வி: குடும்பத்தோடு மூன்று வாரம் நியூயார்க் போய் வந்தோம். மச்சான் அங்கேதான் இருக்கிறார். டிப்ஸ் மட்டும் 421 டாலர், கிட்டத்தட்ட 39,500 ரூபாய் ஆகிவிட்டது! 18 முறை நாங்களாகச் சாப்பிட்டோம். ஒருநாள் ஏழு பேராகப் போனபோது 266.44 டாலர் பில்லுக்கு மச்சான், “22 போடுங்க, குறைச்சா அசிங்கம்” என்றார்; போட்டேன். என் மனைவியோ, “டிப்ஸே ஆயிரத்து நானூறு ரூபாயா?” என்று தினமும் சண்டை. கார்டு பில் 2,10,000 ரூபாயை 12 மாத இ.எம்.ஐ. ஆக மாற்றி இரண்டு தவணை கட்டியிருக்கிறேன். சேமிப்புக் கணக்கில் 3 லட்சம் இருக்கிறது. அடுத்த மே மாதம் லண்டன் போகிறோம். நியாயமான டிப்ஸ் எவ்வளவு? வங்கியில் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: அந்த ஏழு பேர் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒருமுறை படியுங்கள். சாப்பாடு, அதாவது Subtotal, 210 டாலர். Tax என்ற வரியில் 18.64. அதற்கும் கீழே Gratuity 18% என்று 37.80 இருக்கும். மூன்றையும் கூட்டினால்தான் 266.44 வருகிறது. ஆறு பேருக்கு மேல் உட்காரும் மேசைக்கு டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடுவது அங்கே பல ஓட்டல்களில் வழக்கம். நீங்கள் கார்டு மெஷினில் அமுக்கிய 22 சதவீதம் இந்த 266.44-க்கு மேல் கணக்கிடப்பட்டது. 58.62 டாலர். சாப்பாட்டுக்கும் டிப்ஸ், வரிக்கும் டிப்ஸ், ஏற்கெனவே கொடுத்த டிப்ஸுக்கும் டிப்ஸ். ரூபாயில் சுமார் 5,500. இதில் ஒரு சென்ட் கூடக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் மைத்துனர் சதவீதத்தைச் சொன்னாரே தவிர, எந்தத் தொகைக்கு என்று சொல்லவில்லை. தவறு நடப்பதும் அங்கேதான். டிப்ஸை வரிக்கு முந்தைய தொகைக்குப் போட வேண்டும். மெஷின் திரை பெரும்பாலும் வரி சேர்ந்த தொகைக்குப் போட்டுக் காட்டுகிறது.

நால்வர் சாப்பிட்ட ஒரு சாதாரண பில்லை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு 84 டாலர். நியூயார்க் நகரின் விற்பனை வரி 8.875 சதவீதம், அதாவது 7.46. மொத்தம் 91.46. இங்கே ஓட்டல் மேசையிலேயே மனக்கணக்காகப் போடக்கூடிய பழைய வழி ஒன்று உண்டு: வரியை இரண்டால் பெருக்குங்கள். 14.92 வரும், அது 84-க்கு ஏறக்குறைய 18 சதவீதம். பிறகு மொத்தம் முழு டாலரில் முடியும்படி டிப்ஸை ஏற்றி எழுதுங்கள். டிப்ஸ் 15.54, மொத்தம் 107. இதுவே நல்ல டிப்ஸ். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். திரையில் 22-ஐ அமுக்கினால் 20.12 போகிறது. ஒரு வேளைக்கு 4.58 டாலர் கூடுதல். ஆனால் இந்த இரட்டிப்புக் கணக்கு நியூயார்க் நகரத்துக்கு மட்டும்தான். ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சி போனால் வரி 6.625 சதவீதம், அதை இரட்டித்தால் 13 சதவீதம்தான் வரும், அது குறைவு. அங்கே சாப்பாட்டுத் தொகையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து இரட்டித்து, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தை முழு டாலராக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காகிதச் சீட்டில் டிப்ஸ் எழுதிக் கையெழுத்துப் போடும் ஓட்டல்களில், கார்டை முதலில் தேய்க்கும்போது டிப்ஸ் இல்லாத 91.46-க்குத்தான் எஸ்.எம்.எஸ். வரும். ஓரிரு நாள் கழித்து, நீங்கள் எழுதிய மொத்தம், அன்றைய டாலர் விலையில் கணக்கில் ஏறும். ஸ்டேட்மென்ட்டில் 107.00 என்று இருந்தால் பார்த்தவுடன் சரி என்று தெரியும், 117.00 என்று இருந்தால் உடனே கண்ணில் படும். ரொக்கமாக டிப்ஸ் கொடுத்தால் சீட்டில் Tip வரியை வெறுமனே விடாதீர்கள். ஒரு கோடு கிழித்து Total வரியில் 91.46 என்று எழுதிவிடுங்கள்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. 15.54 டாலரை வங்கிக் கட்டணத்தோடு ரூபாயாக்கினால் 1,450 வருகிறது. வயிறு எரிவது இயற்கைதான். அதற்காக ஐந்து டாலரை வைத்துவிட்டு எழுந்துவருவது சிக்கனம் ஆகாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது மாறவே இல்லை. நியூயார்க் நகரம் அதைவிடப் பரவாயில்லை. 2025-ல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலராக இருந்தது. உணவு பரிமாறுபவருக்கு முதலாளி 11 டாலர் கொடுத்தால் போதும், மீதி 5.50 டிப்ஸில் வந்துவிடும் என்று சட்டமே அந்த ஆண்டு கணக்கு வைத்திருந்தது. ஆகவே அது அவருடைய சம்பளத்தின் ஒரு பகுதி; நாம் சந்தோஷப்பட்டுக் கொடுக்கும் இனாம் இல்லை. மேசைக்கு வந்து பரிமாறும் இடத்தில் 18 முதல் 20 சதவீதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். கவுன்ட்டரில் நின்று காபி வாங்கும்போது திரையைத் திருப்பிக் காட்டுவார்களே, அங்கே No Tip அமுக்கலாம். அதில் குற்ற உணர்வு தேவையில்லை.

ரூபாய்க் கணக்கைப் போட வேண்டிய நேரம் மெனுவைக் கையில் எடுக்கும்போதுதான். நியூயார்க்கில் மெனு விலையோடு வரியும் டிப்ஸும் சேர்ந்தால் 1.27 மடங்கு ஆகிறது. 84 டாலர் சாப்பாடு 107 ஆனது அப்படித்தான். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் செலவுக்கென்று வங்கி கூடுதலாகப் பிடிக்கும் உங்கள் கார்டின் மார்க்கப் 3.5 சதவீதம், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; இரண்டும் சேர்ந்து 4.13. ஆக ஒரு டாலர் உங்களுக்கு 93.70 ரூபாய். அந்த ஒரு சாப்பாடு பத்தாயிரம் ரூபாய். அது கட்டுப்படியாகவில்லை என்றால் 18 முறையை 12 ஆகக் குறைக்க வேண்டும். பரிமாறியவரின் பங்கில் கை வைக்கக் கூடாது.

மொத்தத்தில், வேளைக்கு 15.54 என்று வைத்தால் 18 வேளைக்கு நியாயமான டிப்ஸ் சுமார் 280 டாலர், அதாவது 26,000 ரூபாய். நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது 141 டாலர், சுமார் 13,000 ரூபாய். மைத்துனரோடு மறுபடி வெளியே போனால், ஆர்டர் கொடுக்கும் முன்பே இரண்டு பில்லாகக் கேட்டுவிடுங்கள். அங்கே அது வெகு சாதாரணம். அவர் பில்லுக்கு அவர் 25 சதவீதம்கூட வைக்கட்டும்.

லண்டனில் கணக்கு வேறு. மெனு விலையிலேயே வாட் வரி அடங்கிவிட்டது. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல்களில் பில்லின் அடியில் பெரும்பாலும் Discretionary Service Charge 12.5% என்று இருக்கும். 70 பவுண்டு சாப்பாட்டுக்கு 8.75, மொத்தம் 78.75. அதுதான் டிப்ஸ், அதோடு முடிந்தது. சேவை மோசமாக இருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். அந்தப் பணம் முழுதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் அங்கே சட்டமும் இருக்கிறது. அதற்குப் பிறகும் மெஷின் டிப்ஸ் கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள். பில்லில் அந்த வரி இல்லாவிட்டால் 10 முதல் 12 சதவீதம் போதும். பப்பில் கவுன்ட்டரில் வாங்கினால் எதுவும் வேண்டாம்.

அங்கே இன்னொரு திரையும் வரும்: GBP-யா, INR-ஆ? நம் ரூபாயைப் பார்த்ததும் கை தானாக INR பக்கம் போகும். போக விடாதீர்கள். ரூபாயில் காட்டும் விலைக்குள் மெஷின்காரர்களின் லாபம் ஒளிந்திருக்கிறது. அதற்கு மேல், வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் செலுத்தியதற்கென்று நம் வங்கிகள் பலவும் ஒரு சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் தனியாகப் பிடிக்கின்றன. எப்போதும் அந்த ஊர்ப் பணமே.

ஃபாரெக்ஸ் கார்டு விஷயத்தில் அவசரம் வேண்டாம். டாலர் ஏற்றிய கார்டை லண்டனில் தேய்த்தால், நாணயம் மாறுவதற்கென்று தனிக் கட்டணம் உண்டு. வாங்குவதானால் பவுண்டுதான் ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் வேறொரு தொல்லை. டிப்ஸையும் எதிர்பார்த்து, ஓட்டல் மெஷின் பில்லைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக இருப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. கார்டில் 100 டாலர் இருந்தும் 91.46 பில்லுக்கு மறுத்துவிடக்கூடும். மீந்த பணத்தை ரூபாயாக மாற்றும்போது விலையில் இன்னொரு வெட்டு. மார்க்கப் குறைந்த ஒரு கார்டு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத கணக்கு. இதில்தான் எனக்குக் கவலை அதிகம். ஓட்டலில் 22 பட்டனை அமுக்கிய அதே கை, ஊருக்கு வந்ததும் வங்கி ஆப்பில் இ.எம்.ஐ. பட்டனையும் அமுக்கிவிட்டது. 2,10,000 ரூபாய்க்கு 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை 19,050 ரூபாய். வருடத்துக்கு வட்டி 18,600. வட்டி மேல் ஜி.எஸ்.டி. 3,400. ஆக 22,000 ரூபாய். டிப்ஸில் விட்ட 13,000-ஐப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டே, மூன்று சதவீத வட்டிகூடத் தராத சேமிப்புக் கணக்கில் 3 லட்சத்தை வைத்துவிட்டு இதைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டு தவணை போக அசல் பாக்கி சுமார் 1,77,000. இனி கட்ட வேண்டிய வட்டியும் ஜி.எஸ்.டி.யும் 15,600. முன்கூட்டியே அடைக்கும் கட்டணம் 3 சதவீதம் என்றால் ஜி.எஸ்.டி.யோடு 6,300. சேமிப்புக் கணக்கில் இழக்கும் வட்டி இரண்டாயிரத்துச் சொச்சம். எல்லாம் போக 7,000 ரூபாய் கையில் நிற்கும். உங்கள் வங்கியின் வட்டியையும் முன்னடைப்புக் கட்டணத்தையும் கேட்டு இந்தக் கணக்கில் பொருத்திப் பாருங்கள். சரியாக வந்தால், அடுத்த தவணைத் தேதிக்கு முன்பே அடைத்துவிடுங்கள். மாதாமாதம் அந்த 19,050-ஐ அதே சேமிப்புக் கணக்கில் திருப்பிப் போடுங்கள். எடுத்த பணம் பத்து மாதத்தில் நிரம்பிவிடும். லண்டன் செலவுக்கு அந்த 3 லட்சத்தைத் தொடாமல் தனியாகச் சேருங்கள். மே மாதத்துக்குள் அது சேரவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.