262 ஓட்டங்களோடு நின்றுவிட்ட அட்டவணை

"கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கையெழுத்து இதழுக்காக, 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் வர்ணனைப் பத்தியை ஸ்கோர் அட்டவணையாக மாற்றினேன். கூட்டினால் 262 தான் வருகிறது. இந்தியா எடுத்ததோ 277."

வணக்கம். விடுபட்ட 15 ஓட்டங்கள் எந்த மட்டையாளர் கணக்கிலும் சேராத உதிரிகள்: அகலப்பந்து 8, லெக் பை 6, பை 1. வர்ணனைப் பத்திகள் பெரும்பாலும் இவற்றைச் சொல்வதில்லை என்பதால், மொத்தத்திலிருந்து தனிநபர் ஓட்டங்களைக் கழித்துப் பார்ப்பதே நல்ல சோதனை.

| மட்டையாளர் | ஆட்டமிழந்த விதம் | ஓட்டம் |
|---|---|---|
| சேவாக் | எல்பிடபிள்யூ மலிங்கா | 0 |
| டெண்டுல்கர் | கேட்ச் சங்கக்காரா, பந்து மலிங்கா | 18 |
| கம்பீர் | பௌல்டு பெரேரா | 97 |
| கோலி | கேட்ச், பந்து தில்ஷான் | 35 |
| தோனி | ஆட்டமிழக்கவில்லை | 91 |
| யுவராஜ் | ஆட்டமிழக்கவில்லை | 21 |
| உதிரிகள் | | 15 |
| மொத்தம் | 4 விக்கெட், 48.2 ஓவர் | 277 |

பத்தி விக்கெட் விழுந்த வரிசையில் செல்வதால் அதில் கோலி, கம்பீருக்கு முன்பாகவே வந்துவிடுவார். அட்டவணையிலோ களமிறங்கிய வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும். சேவாக்கின் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள்; நம் பக்கத்து மலையாள வர்ணனையில் 'பூஜ்யத்தினு புறத்து' என்று அழுத்திச் சொல்வார்களே, அந்த பூஜ்யத்தை எழுதாவிட்டால் அவர் மட்டை பிடிக்கவே இல்லை என்று பொருளாகிவிடும்.