ஜூன் 10 வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: அரசு வங்கியில் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறேன். மாதத் தவணை 18,000 ரூபாய், 5ஆம் தேதி கட்ட வேண்டும். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் கட்ட முடியவில்லை. ஜூன் 10 வாக்கில் ஒரு தவணைக்குப் பணம் புரளும். அதைக் கட்டினால் கணக்கு வாராக்கடன் ஆகாமல் தப்புமா? அதே வங்கியில் உள்ள பைக் கடனை ஒழுங்காகக் கட்டி வருகிறேன். வீட்டை எடுத்துக்கொள்வார்களா?

பதில்: தப்பாது. அந்த ஒரு தவணையை எப்படியாவது ஜூன் 2க்குள் கட்டிவிடுங்கள். கைமாற்று வாங்கியாவது கட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

மூன்று மாதம் என்று பேச்சுக்குச் சொன்னாலும், வங்கி எண்ணுவது 90 நாள். எந்தத் தவணை ரொம்ப நாளாக நிற்கிறதோ அதிலிருந்து எண்ணுவார்கள். உங்களுக்கு அது மார்ச் 5. ஏப்ரல் 4, மே 4 என்று எச்சரிக்கைப் படிகள் இரண்டை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். ஜூன் 3 அன்று இரவு வங்கியின் கம்ப்யூட்டர் அன்றைய கணக்கை முடிக்கும்போது 90 நாள் முடிந்திருக்கும்; உங்கள் கணக்கு தானாகவே என்.பி.ஏ., அதாவது வாராக்கடன் ஆகிவிடும். மேனேஜர் தெரிந்தவர் என்றாலும் அதை நிறுத்தி வைக்க முடியாது.

ஜூன் 2க்குள் 18,000 கட்டினால் அது பழைய பாக்கியில், அதாவது மார்ச் தவணையில் போய்ச் சேரும். அப்புறம் மூத்த பாக்கி ஏப்ரல் 5 என்று ஆகும். 90 நாள் கெடு ஜூலை 4க்குத் தள்ளிப்போகும். ஒன்று கவனியுங்கள்: தவணை தவறியதற்கான அபராதக் கட்டணம், செக் திரும்பிய கட்டணம் எல்லாம் கணக்கில் ஏறியிருக்கும். நீங்கள் கட்டும் பணத்தில் அதை முதலில் எடுத்துக்கொண்டார்கள் என்றால் மார்ச் தவணையில் சில நூறு ரூபாய் நின்றுபோகும். அந்தச் சில நூறு ரூபாய்க்காகவே கணக்கு வாராக்கடன் ஆகும். நான் வங்கியில் இருந்த காலத்தில் 400 ரூபாய் குறைவாகக் கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவரைப் பார்த்திருக்கிறேன். அதனால் "மார்ச் பாக்கி முழுசாகத் தீர எவ்வளவு கட்டணும்?" என்று கிளையில் கேட்டு, அந்தத் தொகையைக் கட்டுங்கள். சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று இருக்காமல், கடன் கணக்கிலேயே வரவு வைத்து ரசீது வாங்குங்கள்.

ஜூன் 3ஐத் தாண்டிவிட்டால் கணக்கே வேறு. அதுவரை ஒரு தவணை போதும். அதற்குப் பிறகு பாக்கி மொத்தமும் தீர்ந்தால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். ஜூன் 10 அன்று நீங்கள் போகும்போது ஜூன் 5 தவணையும் சேர்ந்து நான்கு தவணை, 72,000 ரூபாயும் கட்டணங்களும் நிற்கும். 18,000 கட்டினால் வரவு வைத்துக்கொள்வார்கள். கணக்கு வாராக்கடனாகவே இருக்கும். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பைக் கடனும் சேர்ந்து விழும். ஒரே வங்கியில் ஒரே ஆளின் ஒரு கடன் வாராக்கடன் ஆனால், ஒழுங்காகப் போகும் மற்றக் கடன்களையும் அப்படியே வகைப்படுத்த வேண்டும் என்பது விதி. சிபில் அறிக்கையிலும் அது ஏறும். பின்னால் பாக்கியைத் தீர்த்தாலும், கடந்த 36 மாதத்தில் எத்தனை நாள் தாமதம் என்ற விவரம் அதில் தெரியும். வாராக்கடன் ஆனபின் கணக்குப் புத்தகத்தில் வட்டி ஏறாததைப் பார்த்து, வட்டி நின்றுவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். நிற்காது. வங்கி அதை வருமானமாகக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். தனியாக எழுதி வைத்து, முடிக்கப் போகும் அன்று கேட்கும்.

வீட்டுக்கு வருவோம். வாராக்கடன் ஆனபின்தான், அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்க வழி திறக்கிறது. முதலில் 13(2) பிரிவின்படி, முழுக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். முழுக் கடன் என்றால் தவணைப் பாக்கி மட்டும் இல்லை, மிச்சமுள்ள அசலும் வட்டியும் மொத்தமாக. இந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 60 நாளுக்குள் உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தால், அதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று 15 நாளில் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். 60 நாள் முடிந்தபின்தான் வீட்டைச் சுவாதீனம் எடுக்க முடியும். அப்படி எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். சென்னை, மதுரை, கோவையில் இருக்கிறது.

இப்போதைக்கு நாளை காலை கிளைக்குப் போய் அந்த மார்ச் பாக்கித் தொகையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.