ரிசர்வ் வங்கி பத்திரம் வாங்கியதற்கும் உங்கள் கடன் வட்டிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: கோத்தகிரியில் ஹோம்ஸ்டே கட்ட 2021-ல் 30 லட்சம் கடன் வாங்கினேன். ரிசர்வ் பேங்க் பத்திரம் வாங்கி பணத்தை இறக்குது, அதனாலதான் வட்டி குறைவு, நிலம் விலையும் ஏறுதுன்னு சொன்னாங்க. இது எப்படி நடக்குது? அப்புறம் ஏன் என் வட்டி ஏறுச்சு?

பதில்:

மும்பையில் ஒரு வங்கியின் டிரஷரியில் அரசுப் பத்திரங்களை வாங்கி விற்கும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது குன்னூரில் இருக்கிறேன். உங்களிடம் சொன்னவர்கள் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். அதைப் பிரித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

2021 ஏப்ரல் 7 அன்று ரிசர்வ் வங்கி ஜி-சாப் என்ற திட்டத்தை அறிவித்தது. அந்தக் காலாண்டில் 1 லட்சம் கோடி ரூபாய்க்கு அரசுப் பத்திரங்களை வாங்குவோம் என்று முன்கூட்டியே தொகையோடு சொன்னதுதான் அதில் புதுமை. அடுத்த காலாண்டில் மேலும் 1.2 லட்சம் கோடி. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் செய்ததை 'குவான்டிடேட்டிவ் ஈஸிங்' என்கிறார்களே, அதற்கு நம் ஊரில் மிக நெருக்கமாக வந்தது இதுதான்.

வாங்கும் நாளில் நடப்பதைச் சொல்கிறேன். எந்தெந்தப் பத்திரங்கள், மொத்தம் எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி முன்பே வெளியிடும். எங்களைப் போன்றவர்கள் காலையில் ரிசர்வ் வங்கியின் இ-குபேர் கணினித் திரையில் 'இந்த விலைக்கு இவ்வளவு தருகிறோம்' என்று கேட்பு போடுவோம். ஏற்றுக்கொண்டால் பத்திரம் ரிசர்வ் வங்கியின் கணக்குக்குப் போகும். அங்கே எங்கள் வங்கிக்கு இருக்கும் நடப்புக் கணக்கில் பணம் வரவாகும். அந்தப் பணம் அதுவரை எங்கும் இருந்ததில்லை. ரிசர்வ் வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் ஒரு பத்திரமும் பொறுப்புப் பக்கம் வங்கியின் வைப்பும் ஒரே நேரத்தில் கூடுகின்றன, அவ்வளவுதான். நோட்டு எதுவும் அச்சடிக்கப்படவில்லை. அந்தப் பணத்தை வங்கி அப்படியே எடுத்து உங்களுக்குக் கடனாகக் கொடுத்துவிடவும் முடியாது. அது வங்கிகளுக்கு இடையிலேதான் சுற்றும்.

சரி, அப்படியென்றால் வட்டி எங்கே குறைகிறது? பத்திரத்தின் விலையில்தான். ஆண்டுக்கு 6% வட்டி தரும், 10 ஆண்டில் முடியும் 100 ரூபாய் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை 6.25% யீல்டு, அதாவது போட்ட விலைக்கு ஆண்டு வருமானம், கேட்டால் அதன் விலை சுமார் 98 ரூபாய் 18 காசு. வாங்கியதை விற்காமல் வைத்திருக்கும் பெரிய வாங்குபவர் ஒருவர் வந்துவிட்டார் என்று தெரிந்து எல்லோரும் வாங்கினால் விலை 100-க்கு வரும். யீல்டு 6% ஆகும். அரசு அடுத்த வாரம் புதிதாகக் கடன் வாங்கும்போது அந்த 6%-தான் அளவுகோல். பெரிய நிறுவனங்கள் வெளியிடும் நீண்டகாலப் பத்திரங்களும் அதற்கு மேல் கொஞ்சம் வைத்துத்தான் விலை போகும்.

உங்கள் கடன் இந்த வரிசையில் இல்லை. 2019 அக்டோபர் 1 முதல் வணிக வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்களையும் சிறுதொழில் கடன்களையும் வெளி அளவுகோலோடு கட்ட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவை, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியை, தேர்ந்தெடுத்தன. ரெப்போ 2020 மே முதல் 2022 மே வரை 4%-லேயே நின்றது. ஜி-சாப் வந்தபோதும் அசையவில்லை, நின்றபோதும் அசையவில்லை. ஆக, நீங்கள் அனுபவித்த குறைந்த வட்டி ரெப்போ தந்தது. பத்திரம் வாங்கியதால் நேரடியாக வந்ததல்ல.

பத்திரக் கொள்முதல் சுற்றுவழியாக வேறு சிலரைத் தொட்டது. வங்கிகளிடம் உபரிப் பணம் குவிந்ததால் அவை ஒன்றுக்கொன்று ஓரிரவுக்குக் கொடுக்கும் வட்டி, ரெப்போவை விட்டு இறங்கி, வங்கிகள் உபரியை ரிசர்வ் வங்கியிடம் வைத்தால் கிடைத்த 3.35% ரிவர்ஸ் ரெப்போவுக்குக் கீழேகூடப் போனது. வைப்புக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை என்றானதும் பெரிய வங்கிகளில் ஓராண்டு வைப்புக்கு 5% அளவில்தான் கிடைத்தது. வைப்புச் செலவு குறைந்ததால் வங்கி தன் பணத்திரட்டும் செலவை வைத்துக் கணக்கிடும் எம்சிஎல்ஆர் அடிப்படையில் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு, பெரிய நிறுவனங்களுக்குத்தான் அது அதிகம், மெதுவாக வட்டி இறங்கியது. பத்திரச் சந்தையில் பணம் திரட்டும் நிதி நிறுவனங்களுக்கும் செலவு குறைந்தது. ஆனால் அதை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதா இல்லையா என்பது அவர்கள் விருப்பம். நம் மலையில் பலர் கடன் வாங்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் அந்த 2019 விதி கிடையாது.

இனி நிலம் விலை. ஒரு கட்டடம் செலவு போக ஆண்டுக்கு 4 லட்சம் வாடகை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டுக்கு 8% வேண்டும் என்று நினைப்பவர் அதற்கு 50 லட்சம் கொடுப்பார். வைப்பில் 5%-தான் என்றானபின் 6.5% போதும் என்று அவர் இறங்கினால் 61.5 லட்சம் கொடுக்கத் தயாராவார். வாடகை ஒரு பைசா ஏறவில்லை. இதே கணக்குதான் பங்குச் சந்தையிலும் வேலை செய்தது. 2020 மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே முடிந்த சென்செக்ஸ், 2021 செப்டம்பரில் 60,000-ஐத் தாண்டியது. 2020 தொடக்கத்திலிருந்து அதுவரை ஃபெடரல் ரிசர்வின் சொத்துகள் சுமார் 4 லட்சம் கோடி டாலரிலிருந்து இரண்டு மடங்கானதும், அந்தப் பணத்தின் ஒரு பகுதி இங்கே வந்ததும் அதற்குக் காரணம்.

ஆனால் கோத்தகிரி நில விலையை முழுக்க இதன் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் மலைக்கு இடம் தேடி வந்தார்கள். மலைப்பகுதிக் கட்டட விதிகளால் கட்டக்கூடிய இடமே இங்கு குறைவு. தேவை கொஞ்சம் கூடினாலே விலை ஏறிவிடும். குறைந்த வட்டி அதற்கு வேகம் கொடுத்தது என்று சொல்லலாம்.

கடைசியாக, ஏன் ஏறியது. 2021 அக்டோபரில் ஜி-சாப் நிறுத்தப்பட்டது. அதன்பின் 10 ஆண்டுப் பத்திரத்தின் யீல்டு ஏறத் தொடங்கி, 2022 ஏப்ரல் முடிவில் 7.1% அளவுக்கு வந்துவிட்டது. அப்போதும் ரெப்போ 4%-தான்! பெரிய வாங்குபவர் விலகியது ஒரு காரணம். கச்சா எண்ணெய் விலை, மத்திய அரசின் பெரிய கடன் திட்டம், அமெரிக்காவில் வட்டி ஏறப்போகிறது என்ற எதிர்பார்ப்பு ஆகியவையும் சேர்ந்தன. எது எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. 6%-ல் வாங்கிய பத்திரத்தை வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழெட்டு ரூபாய் காகித நட்டம் பார்த்தார்கள். 2022 மே 4 அன்றுதான் ரெப்போ 4.4% ஆனது, 2023 பிப்ரவரியில் 6.5%. உங்கள் கடன் ரெப்போவுக்கு மேல் 2.75% என்றால் 6.75%-லிருந்து 9.25%-க்குப் போயிருக்கும். 30 லட்சத்துக்கு 15 ஆண்டுத் தவணை, முதலிலிருந்து கணக்கிட்டால், மாதம் சுமார் 26,500-லிருந்து 30,900 ரூபாய். பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டியிருக்கும். உங்கள் கணக்கில் எத்தனை மாதம் கூடியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இனிமேல் கவனிக்க வேண்டுமென்றால், மாறும் வட்டிக்கு ரெப்போவைப் பாருங்கள். நிலையான வட்டிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னால் 10 ஆண்டு யீல்டைப் பாருங்கள், வங்கி அந்த வட்டியை வைக்கும்போது அதையும் பார்க்கும். ரிசர்வ் வங்கி வெள்ளிக்கிழமை தோறும் வெளியிடும் வாராந்திரப் புள்ளிவிவரத்தில் அதன் இருப்புநிலையும் இருக்கும். ஆனால் பத்திரக் கையிருப்பு ஏறுவதை மட்டும் வைத்து நிலையான வட்டி இனி இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம், தெரிந்த கொள்முதலைச் சந்தை ஏற்கெனவே யீல்டில் சேர்த்திருக்கும்.