500 குறைந்ததற்கு 2,195 வட்டியா?

கேள்வி: கிரெடிட் கார்டு பில்லை நான் ஒரு மாதம்கூட தவறவிட்டதில்லை. போன முறை 40,000 வந்தது. திருப்பி அனுப்பிய ஒரு பொருளுக்கு 500 ரீஃபண்ட் வரவேண்டியிருந்ததால் அதைக் கழித்துக்கொண்டு 39,500 கட்டினேன். அடுத்த பில்லில் 2,195 வட்டி! அந்த பில்லை முழுசாகக் கட்டினேன், அதற்கடுத்த மாதமும் வட்டி. போதாததற்கு கிரெடிட் ஸ்கோரும் இறங்கிவிட்டது. ஆறு மாதத்தில் வீட்டுக் கடன் வாங்க நினைக்கிறேன். பாயிண்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இரண்டு கார்டையும் மூடிவிடலாமா?

மூட வேண்டாம், குறைந்தது கடன் கைக்கு வரும்வரையாவது. வட்டி வந்ததும் ஸ்கோர் இறங்கியதும் வெவ்வேறு காரணங்களால் நடந்தவை. வட்டியை முடிவு செய்தது பணம் கட்டவேண்டிய கடைசி தேதி. ஸ்கோரை இறக்கியது பில் போடும் தேதி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒழுங்காகக் கட்டுகிறவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த 2,195 எப்படி வந்தது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பியிருந்த பில்லின்படி ஒவ்வொரு மாதமும் 30-ஆம் தேதி பில் போடுகிறார்கள், அடுத்த மாதம் 20-ஆம் தேதி கெடு. 5-ஆம் தேதி 30,000-க்கு ஒரு பொருள் வாங்கியிருக்கிறீர்கள், 20-ஆம் தேதி 10,000-க்கு இன்னொன்று. வட்டி ஆண்டுக்கு 36.5 சதவீதம், அதாவது நாளுக்கு 0.1 சதவீதம்.

கார்டில் வாங்கிய பொருளுக்கு வட்டி கிடையாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு நிபந்தனையோடு வரும் சலுகை. பில்லில் உள்ள முழுத் தொகையும் கெடுவுக்குள் வந்து சேர்ந்தால்தான் சலுகை நிற்கும். கொஞ்சம் குறைந்தாலும், உங்கள் கார்டின் விதிப்படி, குறைந்த 500-க்கு மட்டும் வட்டி போடுவதில்லை. ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்தே கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். 30,000-க்கு 45 நாள், வட்டி 1,350. 10,000-க்கு 30 நாள், 300. பாக்கி நின்ற 500-க்கு 20-ஆம் தேதியிலிருந்து பில் நாள்வரை 10 நாள், வெறும் 5.

இன்னும் ஒன்று இருக்கிறது. பாக்கி வைத்த மாதத்தில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் சலுகை இல்லை. அந்த மாதம் 3-ஆம் தேதி 20,000-க்கு வாங்கியிருக்கிறீர்கள். அதற்குப் பில் நாள்வரை 27 நாள், 540. எல்லாம் சேர்த்துத்தான் 2,195.

எல்லா கார்டும் இப்படியே கணக்குப் போடுவதில்லை. கெடுவுக்குள் கட்டிய பகுதிக்கு வட்டி போடக்கூடாது என்று சட்டமே உள்ள இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 2009-இல் வந்த கடன் அட்டைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உங்கள் கார்டு எந்த வகை என்பது அதன் விதிமுறைப் பக்கத்தில், வட்டிக் கணக்குக்கான உதாரணத்தோடு இருக்கும். கார்டு வாங்கும்போது மற்றதைப் படிக்காவிட்டாலும் அந்த ஒரு உதாரணத்தைப் படித்துவிடுங்கள்.

ரீஃபண்ட் விஷயத்துக்கு வருவோம். பில் போட்ட பிறகு வரும் ரீஃபண்டைச் சில நிறுவனங்கள் நீங்கள் கட்டிய பணமாக எடுத்துக்கொள்வதில்லை. அது கணக்கில் வரவாகி, அடுத்த பில்லில்தான் கழியும். உங்கள் 500-ம் அடுத்த பில் நாளன்றுதான் வந்திருக்கிறது. ஆகவே ரீஃபண்ட் வரும் என்று தெரிந்தாலும், வந்தேவிட்டாலும், பில்லில் அச்சான தொகையைக் கட்டுங்கள். அதிகமாகக் கட்டிய பணம் எங்கும் போய்விடாது.

சரி, இரண்டாவது பில்லை முழுசாகக் கட்டியும் ஏன் வட்டி? சலுகை இன்னும் திரும்பவில்லை என்பதால். பில் போட்டது 30-ஆம் தேதி, நீங்கள் கட்டியது 20-ஆம் தேதி. நடுவில் அந்த 20,000 இருபது நாள் வட்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. அது 400. அந்த மாதம் புதிதாக வாங்கியவற்றுக்கும் தனியாக ஓடியிருக்கும். பில் தாளில் இது தெரியாது, ஏனென்றால் பில் போட்ட நாளில் அந்த வட்டி பிறக்கவே இல்லை.

இதை நிறுத்த வழி இருக்கிறது. இன்று எவ்வளவு கட்டினால் கணக்கு பூஜ்யமாகும் என்று வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். பில்லில் வராத செலவும் இன்றுவரையிலான வட்டியும் சேர்ந்த தொகையைச் சொல்வார்கள். அதைக் கட்டிவிட்டு, சலுகை எந்த பில்லிலிருந்து திரும்பும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கார்டுகளில் ஒரு பில் முழுசாகக் கட்டினால் போதும், சிலவற்றில் தொடர்ந்து இரண்டு. அதுவரை அந்தக் கார்டை எடுக்காதீர்கள், இன்னொரு கார்டைப் பயன்படுத்துங்கள். அப்படியே, நீண்டகால வாடிக்கையாளர், முதல் தடவை என்று சொல்லி வட்டியைத் திருப்பித் தரக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

பாயிண்ட் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். உங்கள் கார்டு செலவில் 1 சதவீதம் தருகிறது. 40,000 செலவுக்குக் கிடைத்தது 400. முதல் வட்டி மட்டுமே அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். வட்டி கட்டாதவருக்கு மட்டும்தான் பாயிண்ட் லாபம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கார்டில் பணமாக எடுப்பதையும் மறந்துவிடுங்கள். அதற்குச் சலுகைக் காலமே இல்லை, எடுத்த நாளிலிருந்து வட்டி, அதற்கு மேல் கட்டணம் வேறு, பெரும்பாலும் பாயிண்டும் கிடையாது.

உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் போகும்படி ஆட்டோ பே வைத்துவிடுவது நல்லது. ஆனால் அதில் 'முழுத் தொகை' என்று தேர்வாகியிருக்கிறதா, கட்டியே தீரவேண்டிய குறைந்தபட்சத் தொகையான 'மினிமம் ட்யூ' என்றா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். மினிமம் என்று இருந்தால் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நடந்த இதே கதைதான், பெரிய தொகையில்.

இனி ஸ்கோர். இதில் ஒரு ஆறுதல், அந்த 500 உங்கள் ஸ்கோரைத் தொடவில்லை. குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கெடுவுக்குள் கட்டிவிட்டதால், அது தவணை தவறியதாகப் பதிவாகாது. மினிமம் கட்டினால் ஸ்கோர் தப்பிக்கும், வட்டி தப்பிக்காது.

ஸ்கோரை இறக்கியது அந்த 40,000. உங்கள் கார்டின் லிமிட் 50,000. பெரும்பாலான நிறுவனங்கள் பில் போடும் நாளில் இருக்கும் பாக்கியைத்தான், கடன் வரலாற்றைப் பதிவு செய்து ஸ்கோர் போடும் கிரெடிட் பீரோவுக்கு அனுப்புகின்றன. இருபது நாள் கழித்து நீங்கள் முழுசாகக் கட்டுவீர்கள் என்பது அந்தப் பதிவில் இருக்காது. லிமிட்டில் 80 சதவீதத்தைப் பயன்படுத்திவிட்டு நிற்கும் ஒருவராகத்தான் அன்று நீங்கள் தெரிந்திருக்கிறீர்கள். கடன் கொடுப்பவருக்கு அது பணமுடையின் அடையாளம். பொதுவாக 30 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்வார்கள். ஆனால் 31 ஆனால் விழும், 29 ஆனால் ஏறும் என்று கோடு எதுவும் கிடையாது. குறைவாக இருக்க இருக்க நல்லது, 10-க்குள் இருந்தால் மிக நல்லது.

இதற்காகச் செலவைக் குறைக்க வேண்டியதில்லை, கட்டும் நாளை மாற்றினால் போதும். இன்னொரு மாதம் 40,000 செலவானால், பில் போடும் 30-ஆம் தேதிவரை காத்திருக்காமல் 26 அல்லது 27-ஆம் தேதியே 35,000 கட்டிவிடுங்கள். பணம் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்பதால் இந்த இடைவெளி. பில் 5,000-க்கு வரும், பீரோவுக்குப் போவதும் 10 சதவீதம்தான். பாயிண்ட் 40,000-க்கும் கிடைக்கும். மிச்ச 5,000-ஐ 20-ஆம் தேதிக்குள் கட்டினால் வட்டியும் இல்லை. முன்கூட்டிக் கட்டுவதால் சில நாள் வங்கி வட்டி போகும். அது சில்லறைக் காசு.

இதை ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டுமா என்றால், எனக்கு அவசியமாகத் தோன்றவில்லை. ஸ்கோர் போடும் பழைய கணக்குமுறைகளில், லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்ற இந்த விகிதத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. அடுத்த மாதம் பாக்கி குறைந்தால் ஸ்கோர் தானாக மீளும். சில புதிய முறைகள் கடந்த 24 மாதப் போக்கையும் பார்க்கின்றன என்பதால், கடன் கேட்கப் போகும் நீங்கள் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

இரண்டாவது கார்டுக்கும் லிமிட் 50,000 என்கிறீர்கள், அது பழைய கார்டு, அதிகம் எடுப்பதில்லை. அதனால்தான் மூடக்கூடாது என்கிறேன். இரண்டும் இருந்தால் 40,000 பாக்கி என்பது மொத்த லிமிட்டில் 40 சதவீதம். பழையதை மூடினால் அதே பாக்கி 80 சதவீதம். ஆண்டுக் கட்டணம் உறுத்தினால் கட்டணமில்லாத வகைக்கு அதே கணக்கிலேயே மாற்றித் தரக் கேளுங்கள். சும்மா கிடக்கும் கார்டை நிறுவனமே மூடிவிடலாம், அதனால் சின்ன மாதச் செலவு ஒன்றை அதில் போட்டு ஆட்டோ பே வைத்துவிடுங்கள்.

வீட்டுக் கடனுக்கு ஸ்கோர் எவ்வளவு மதிப்பு? 30 லட்சம், 20 ஆண்டு என்று வைத்தால், 9 சதவீத வட்டிக்கு மாதத் தவணை 26,992. 8.5 சதவீதம் கிடைத்தால் 26,035. அரை சதவீதம்தான், ஆனால் 240 தவணையில் சுமார் 2.3 லட்சம். எந்தப் பாயிண்டும் இதன் பக்கத்தில் வராது. ஆகவே இந்த ஆறு மாதம், சேர்ந்தவுடன் போனஸ் தருகிறோம் என்று வரும் புதிய கார்டு எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகும், ஸ்கோர் கொஞ்சம் இறங்கும். உங்கள் ஸ்கோரை நீங்களே பார்ப்பதால் ஒன்றும் இறங்காது.

விண்ணப்பத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முழு அறிக்கையை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். அடைத்த பழைய கடன் இன்னும் பாக்கியாக நிற்கிறதா, உங்களுடையதல்லாத கணக்கு ஏதாவது இருக்கிறதா, லிமிட் சரியாக 50,000 என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். லிமிட் குறைவாகப் பதிவாகியிருந்தால் விகிதம் கணக்கில்லாமல் ஏறிவிடும். தவறு இருந்தால் பீரோவிடமும் கார்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கொடுங்கள். திருத்தச் சில வாரங்கள் ஆகும், கடன் விண்ணப்பத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.