பளபளக்கும் பொருளுக்குள் படம் எடுத்தவர் உருவம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிராங்கூன் சாலையில் பித்தளைச் சாமான் கடை வைத்திருக்கிறோம். இணையத்தில் விற்க இரண்டடி குத்துவிளக்கு ஒன்றைப் படம் எடுத்தேன். தண்டில் கைப்பேசியும் கையுமாக நான் கறுப்பாக நிற்கிறேன். ஃபோட்டோஷாப்பின் ஹீலிங் பிரஷ்ஷால் தேய்த்தால் புகை படிந்ததுபோல் ஆகிறது. விளக்கை விற்று அனுப்பிவிட்டதால் திரும்ப எடுக்கவும் முடியாது.

ஹீலிங் பிரஷ் சுற்றியிருக்கும் வெளிச்சத்தைக் கலந்து பூசும் கருவி. முகத்துப் பருவுக்கு அது சரி. உங்கள் உருவத்தின் கறுப்பு விளிம்புக்கு அருகில் அதை வைத்தால் அந்தக் கறுப்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த புகை அதுதான்.

பித்தளையில் பிம்பத்தை அழித்தால் அடியில் வேறு ஒரு பரப்பு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். மெருகேற்றிய உலோகத்தில் நாம் பார்ப்பது எல்லாமே பிம்பம்தான். சுவர், சன்னல், விளக்கு, நீங்கள் எல்லாம் மஞ்சள் சாயம் ஏறித் தெரிகிறீர்கள். அதனால் இங்கே வேலை ஒரு பிம்பத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல பிம்பம் ஒன்றை வைப்பது.

முதலில் விளக்கைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள். தண்டின் நேர்ப்பகுதி, அதற்கு மேலும் கீழும் உள்ள வளையங்கள், குமிழ், பாதம் ஆகிய ஒவ்வொன்றும் தனிக் கண்ணாடி. பென் கருவியால் ஒவ்வொன்றின் ஓரத்தையும் வரைந்து, Ctrl+Enter அழுத்தித் தேர்வாக்கி, ஒரு பிக்சல் அளவு ஃபெதர் கொடுத்து, தனி லேயரில் வேலை செய்யுங்கள். மொத்த விளக்கையும் ஒரே தேர்வில் பூசினால் வளையங்கள் கரைந்து தண்டோடு ஒட்டிப்போகும்.

நேரான தண்டு இருப்பதிலேயே சுலபம். உருளை வடிவத்தில் வெளிச்சம் இடமிருந்து வலமாக மாறும். மேலிருந்து கீழாகப் பெரும்பாலும் மாறாது. உங்கள் தலைக்கு மேலே, உருவம் முடிந்த இடத்தில் சுத்தமான ஒரு கீற்று இருக்கும். தண்டின் முழு அகலத்துக்கு, ஐந்தாறு பிக்சல் உயரத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்து Ctrl+J அழுத்துங்கள். அப்புறம் Ctrl+T, Shift விசையை அழுத்தியபடி கீழ்ப்பிடியை இழுத்தால் அந்தக் கீற்று தண்டு முழுக்க நீளும். அதற்கு முன் கீற்றின் மீது காசியன் பிளர் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தின் புள்ளிகளும் சேர்ந்து நீண்டு, மெருகிட்ட பித்தளை சீப்பால் கீறியதுபோல் தெரியும்.

குமிழில் இந்த வழி செல்லாது. உருண்டையில் அறை முழுவதும் சுருங்கி, படம் எடுத்தவர் எப்போதும் நடுவில், கேமராவை நேராகப் பார்க்கும் இடத்தில் நிற்பார். அங்கே நீங்களே வண்ணம் தேர்ந்து மென்மையான பிரஷ்ஷால் பூச வேண்டும். வண்ணத்தை அதே குமிழின் சுத்தமான பகுதியிலிருந்து ஐட்ராப்பரால் எடுங்கள். பித்தளையில் இருட்டு கறுப்பாக இருக்காது, அடர்ந்த பழுப்பாக இருக்கும். வெளிச்சம் வெளிர் மஞ்சளாக வந்து முடியும். சாம்பல் ஒரு சொட்டு கலந்தாலும் அந்த இடம் ஈயம்போல் ஆகிவிடும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். இருட்டை முழுவதுமாக எடுத்துவிடாதீர்கள். எல்லாம் ஒரே மஞ்சளானால் விளக்கு பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். உலோகம் உலோகமாகத் தெரிவதே வெளிச்சமும் இருட்டும் அருகருகே இருப்பதால்தான். ஸ்டுடியோவில் பொருளின் இரு பக்கமும் கறுப்பு அட்டை வைப்பது இதற்காகவே. உங்கள் உருவத்தின் தோள், முழங்கை, கைப்பேசி விளிம்பு ஆகியவற்றை வெட்டிவிட்டு, ஓரம் மென்மையான ஒரு பழுப்புப் பட்டையாக மாற்றுங்கள். பார்ப்பவர் அதை ஆள் என்று நினைக்க மாட்டார், உலோகத்தின் வளைவு என்றே எடுத்துக்கொள்வார். தண்டில் அந்தப் பட்டை இடப்பக்கம் இருந்தால் வளையத்திலும் குமிழிலும் இடப்பக்கமே இருக்கட்டும். முடிந்ததும் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பூசிய இடம் அப்போது தனியாகத் துருத்தினால் வெளிச்ச அளவு தவறு.

நீங்கள் சொல்லும் முறையில்தான் வெள்ளிக் குடத்தைச் சரிசெய்தேன். இப்போது குடத்தின் வயிற்றில் படிப்படியாக வரிகள் தெரிகின்றன. (ஈசூன் வாசகி)

நீங்கள் பூசியது அளவுக்கு மீறி வழவழப்பாக இருக்கிறது. 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மெல்ல மாறும் சாயலைக் குடத்தின் அகலத்துக்கு விரித்தால் படிகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வேலை தொடங்கும் முன்பே Image > Mode > 16 Bits/Channel என்று மாற்றிக்கொள்ளுங்கள். பழைய படத்துக்கு அதனால் புதுத் தகவல் எதுவும் வராது, ஆனால் நீங்கள் புதிதாகப் பூசுவது வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் அந்த லேயருக்கு Filter > Noise > Add Noise, Monochromatic பெட்டியில் குறியிட்டு, ஒரு விழுக்காடு அளவில் தொடங்குங்கள். படத்தை நூறு விழுக்காட்டில் வைத்துப் பார்க்கும்போது பூசிய இடத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகளும் பக்கத்து இடத்தின் மணலும் ஒன்றாக இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் திருத்துவதாக இருந்தால் எடுத்தவரிடம் மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். சுருக்கிய படத்தில் மணலே மிஞ்சியிருக்காது, எதனோடு பொருத்துவது?

எவர்சில்வர் டம்ளரில் என் ஆரஞ்சு டீ-சர்ட் நிறம் மட்டும் தெரிகிறது. உருவம் அவ்வளவாக இல்லை. (தெம்பனிஸ்)

உருவம் உறுத்தவில்லை என்றால் பூசவே வேண்டாம். புது லேயர் போட்டு, அதன் கலப்பு முறையை Color என்று வையுங்கள். டம்ளரின் சுத்தமான பகுதியிலிருந்து சாம்பல் வண்ணம் எடுத்து ஆரஞ்சு மேல் தடவுங்கள். வெளிச்சமும் இருட்டும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் மாறும்.

கறுப்பு அரிசி குக்கரின் முகப்பில் சாஃப்ட்பாக்ஸ் விளக்கு சதுரமாகத் தெரிகிறது. அதன் நடுவே எழுத்துகள் இருக்கின்றன. உலோகம் போலவே செய்யலாமா?

வேண்டாம், இது வேறு கதை. பளபளப்பான பிளாஸ்டிக்குக்குச் சொந்த நிறம் உண்டு. பிம்பம் அதன் மேல் கூடுதலாக விழுந்த வெளிச்சம், எழுத்துகள் அடியில் அப்படியே இருக்கின்றன. சதுரத்தைப் பென் கருவியால் தேர்ந்து, கர்வ்ஸ் லேயர் ஒன்றைத் திறந்து, இடக்கீழ் மூலையில் உள்ள புள்ளியை வலப்பக்கம் நகர்த்துங்கள். வெளுத்த கறுப்பு, சுற்றியுள்ள கறுப்போடு சேரும் இடத்தில் நிறுத்துங்கள். சதுரத்தின் ஓரத்தில் மெல்லிய கோடு மிஞ்சும். அதைக் குளோன் ஸ்டாம்பால் எடுத்துவிடலாம். சதுரத்துக்குள் இன்ஃபோ பேனல் 255, 255, 255 என்று காட்டும் இடங்களில் எழுத்து எரிந்து போய்விட்டது. எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. குக்கர் கையில் இருந்தால் விளக்கை ஓரமாக நகர்த்தி மறுபடி எடுங்கள்.

பழைய பித்தளை அண்டாவை விற்கிறேன். பிம்பத்தை எடுக்கும்போது ஒரு நசுங்கலும் சேர்ந்து மறைந்துவிட்டது. அப்படியே விடலாமா?

விடக் கூடாது. வாங்குபவர் அந்தப் பரப்பைப் பார்த்துத்தான் பணம் தருகிறார். திருத்திய லேயரில் ஒரு மாஸ்க் போட்டு, நசுங்கல் இருக்கும் இடத்தில் கறுப்பால் தடவினால் மூலப்படம் அங்கே திரும்ப வந்துவிடும். நசுங்கல் எங்கே என்று சந்தேகம் வந்தால் திருத்தாத படத்தைப் பாருங்கள்: நேராக வர வேண்டிய சன்னல் சட்டத்தின் பிம்பம் எந்த இடத்தில் நெளிகிறதோ, அங்கேதான் அண்டா நசுங்கியிருக்கிறது.